டப்பா வைத்து அளந்து பார்ப்போம்: தெளிப்பு நீரும் சொட்டு நீரும் வயல் முழுக்கச் சமமாக விழுகிறதா? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஸ்பிரிங்ளர் போட்டால் வயல் முழுக்க நனையத்தான் செய்கிறது. இதில் அளக்க என்ன இருக்கிறது?

நனைவது கண்ணுக்குத் தெரியும், எவ்வளவு நனைகிறது என்பது தெரியாது. ஒரு மணி நேரத்தில் 6 மி.மீ. தண்ணீர் விழுந்த மண்ணும் 12 மி.மீ. விழுந்த மண்ணும் மேலே பார்த்தால் ஒரே கருப்பாகத்தான் இருக்கும். வித்தியாசம் பத்து நாள் கழித்துப் பயிரில் தெரியும்: ஒரு பக்கம் வாடல், இன்னொரு பக்கம் மஞ்சள். அதற்குள் உரம் போதவில்லை, நோய் வந்துவிட்டது என்று வேறு எதையாவது நினைத்து மருந்தும் அடித்திருப்போம். சமமான இடைவெளியில் டப்பாக்களை வைத்து ஒரு மணி நேரம் ஓட்டினால், எங்கே எவ்வளவு விழுகிறது என்பது அன்றைக்கே கையில் கிடைத்துவிடும்.

எந்த மாதிரி டப்பா வேண்டும்? கடையில் தனியாக விற்கிறதா?

தனியாக வாங்க வேண்டியதில்லை. எல்லா டப்பாவும் ஒரே அளவாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். வாய் அகலம் 8 செ.மீ.க்குக் குறையாமல், விளிம்பு மெல்லியதாக, உள்ளே விழுந்த துளி தெறித்து வெளியே போகாத ஆழத்தில் இருந்தால் போதும். சாப்பாடு கட்டித் தரும் பிளாஸ்டிக் டப்பா நன்றாகவே வேலை செய்யும். காற்றில் சாயாமல் இருக்க அடியில் ஒரு கல்லைப் போடுகிறவர்கள் உண்டு. டப்பா சாயாது, சரி. ஆனால் அளக்கும்போது கல்லில் ஒட்டிய தண்ணீர் கணக்கில் வராது. டப்பாவை மண்ணில் கொஞ்சம் புதைத்து வைப்பது நல்லது.

பயிர் உயர்ந்திருந்தால் டப்பாவைக் குச்சியில் கட்டி, வாய் இலைகளுக்கு மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். அளப்பதற்கு ஒரு அளவு உருளை, இல்லாவிட்டால் மருந்துக் கடையில் கிடைக்கும் பெரிய ஊசிக்குழல் போதும்.

டப்பாக்களை எங்கே, எத்தனை அடி இடைவெளியில் வைப்பது?

நம் ஊரில் பெரும்பாலும் 6 மீட்டர் நீளக் குழாய்களைக் கொக்கி போட்டு மாட்டி, இரண்டு குழாய்க்கு ஒரு தெளிப்பான் வைக்கிறோம். அதாவது 12 மீட்டருக்கு ஒன்று. அடுத்த லைனும் 12 மீட்டர் தள்ளி இருந்தால், நான்கு தெளிப்பான்களுக்கு நடுவே 12-க்கு 12 மீட்டர் சதுரம் ஒன்று கிடைக்கும். அதுதான் அளக்க வேண்டிய இடம். வயல் முழுக்க இதே சதுரம்தான் திரும்பத் திரும்ப வருகிறது என்பதால் ஒரு சதுரத்தைக் கவனமாக அளந்தால் போதும்.

சதுரத்துக்குள் 3 மீட்டர் இடைவெளியில் நான்கு வரிசை, வரிசைக்கு நான்கு, ஆக 16 டப்பா. முதல் டப்பா லைனிலிருந்து 1.5 மீட்டர் தள்ளித் தொடங்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு டப்பாவும் தன்னைச் சுற்றியுள்ள 3-க்கு 3 மீட்டர் நிலத்துக்குச் சாட்சி சொல்லும். தெளிப்பானின் காலடியிலேயே ஒன்றை வைத்தால் கணக்கு கோணலாகிவிடும். இடைவெளியைக் காலடி வைத்து அளக்காமல் டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.

எங்களிடம் ஒரே ஒரு லைன்தான் இருக்கிறது. மூன்று மணி நேரம் ஓடியதும் கழற்றிப் பக்கத்தில் மாட்டுவோம். அப்போது நான்கு தெளிப்பான் நடுவே எப்படி அளப்பது?

சிறு விவசாயிகள் பலருக்கும் இந்த நிலைதான். பலர் தவறுவதும் இங்கேதான். ஒரு லைன் மட்டும் ஓடும்போது அளந்த தண்ணீர் பாதிக் கதைதான். லைனை 12 மீட்டர் நகர்த்திய பிறகு, அதே மண்ணில் மறுபக்கத்திலிருந்தும் தண்ணீர் விழும். இரண்டையும் கூட்டினால்தான் அந்த மண் குடித்த முழு அளவு வரும்.

அதற்காக லைனை நகர்த்தி மறுபடி அளக்க வேண்டியதில்லை. லைனில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு தெளிப்பான்களுக்கு நடுவே, லைனின் இரண்டு பக்கமும் டப்பா வையுங்கள். வலப்பக்கம் 1.5, 4.5, 7.5, 10.5 மீட்டர் தூரத்தில் நான்கு வரிசை, இடப்பக்கமும் அப்படியே. மொத்தம் 32 டப்பா. தண்ணீர் 12 மீட்டரைத் தாண்டியும் எட்டினால் இன்னும் ஒரு வரிசை கூட்டிக்கொள்ளலாம்.

இனி கூட்டல். வலப்பக்கம் 4.5 மீட்டரில் இருக்கும் இடம், நாளை லைன் அந்தப் பக்கம் நகர்ந்த பிறகு புதிய லைனுக்கு இடப்பக்கம் 7.5 மீட்டரில் இருக்கும், ஏனென்றால் 12-இல் 4.5 போனால் 7.5. ஆகவே வலப்பக்க 4.5 மீட்டர் டப்பாவோடு இடப்பக்க 7.5 மீட்டர் டப்பாவைக் கூட்ட வேண்டும். முன்னதில் 41 மி.லி., பின்னதில் 21 மி.லி. இருந்தால் அந்த இடத்தின் கணக்கு 62 மி.லி. இப்படியே 1.5-ஐ 10.5-ஓடும், 7.5-ஐ 4.5-ஓடும், 10.5-ஐ 1.5-ஓடும் சேர்த்தால் 32 அளவுகள் 16 ஆகச் சுருங்கும்.

இதில் ஒரு வசதியும் இருக்கிறது. லைனை 12-க்குப் பதில் 9 மீட்டர் நகர்த்தினால் என்ன ஆகும் என்பதையும் இதே 32 அளவுகளை வேறு ஜோடியாகச் சேர்த்துக் காகிதத்திலேயே பார்த்துவிடலாம். 9 மீட்டரில் 1.5-க்கு ஜோடி 7.5, 4.5-க்கு ஜோடி 4.5. அதற்கு அப்பால் விழும் 10.5 மீட்டர் டப்பாவின் அளவு, அடுத்த பக்கம் 1.5 மீட்டர் இடத்தோடு சேரும். வயலில் குழாயைத் தூக்காமலே விடை கிடைக்கும்.

எவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும்? காற்று அடித்தால் என்ன செய்வது?

ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. தெளிப்பான் பலமுறை சுற்றினால்தான் சராசரி நிலைக்கும். மோட்டாரைப் போட்டு, குழாயில் காற்று வெளியேறி, எல்லாத் தெளிப்பானும் சீராகச் சுற்றத் தொடங்கிய பிறகு டப்பாக்களை வையுங்கள். அல்லது டப்பாக்களை முன்பே கவிழ்த்து வைத்துவிட்டு அப்போது நிமிர்த்துங்கள். ஒரு டப்பாவில் 80 மி.லி. அளந்து ஊற்றி, தெளிப்பு படாத வெயிலில் ஓரமாக வைத்துவிடுங்கள். கடைசியில் அதில் எவ்வளவு குறைந்திருக்கிறதோ, அதுதான் ஆவியாகிப் போனது. மற்ற டப்பாக்களிலும் ஏறக்குறைய அவ்வளவு போயிருக்கும்.

கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் காற்றில்லாத விடியற்காலையில் அளக்க வேண்டும். ஆனால் பொள்ளாச்சி, திருப்பூர், தென்காசிப் பக்கம் ஆடிக் காற்றில்தான் நீங்கள் தினமும் பாய்ச்சுகிறீர்கள் என்றால், அந்தக் காற்றிலும் ஒருமுறை அளந்து பாருங்கள். பயிர் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தானே. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் காற்று பறித்துக்கொண்ட பங்கு. லைனைக் காற்றின் திசைக்குக் குறுக்காகப் போடுவது, இரவில் ஓட்டுவது, நகர்த்தும் தூரத்தைக் குறைப்பது எல்லாம் அதை மீட்கும் வழிகள்.

சரி, அளந்தாயிற்று. தண்ணீர் எவ்வளவு சமமாக விழுகிறது என்று சொல்லும் சீர்மைக் கெழுவை எப்படிக் கணக்கிடுவது?

1942-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன்சன் வெளியிட்ட முறையைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு டப்பாவும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த விலகல்களை எல்லாம் கூட்டி, மொத்தத் தண்ணீரால் வகுக்க வேண்டும். கூடுதலா குறைவா என்று பார்க்காமல் விலகலின் அளவை மட்டும் எடுக்க வேண்டும்.

```
CU = 100 × (1 − Σ|x − m| / Σx)
```

இதில் CU என்பது சீர்மைக் கெழு, x என்பது ஒவ்வொரு டப்பாவின் அளவு, m என்பது சராசரி. ஒரு நிலக்கடலை வயலில் ஒரு மணி நேரத்தில் இப்படிக் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம் (மி.லி. கணக்கில், நான்கு மூலையிலும் தெளிப்பான்):

```
112   84   78  106
 82   62   56   78
 80   60   52   76
104   82   72   96
```

மொத்தம் 1280, சராசரி 80. முதல் வரிசையின் விலகல்கள் 32, 4, 2, 26, கூட்டினால் 64. மற்ற மூன்று வரிசைகளுக்கும் முறையே 46, 52, 50. ஆக 212. அதை 1280-ஆல் வகுத்தால் 0.166. சீர்மைக் கெழு 83.4 சதவீதம். சராசரிக்கு மேலே உள்ள விலகல்களின் கூட்டலும் கீழே உள்ளவற்றின் கூட்டலும் சமமாக இருக்க வேண்டும். இங்கே இரண்டும் 106. வேறுபட்டால் எங்கோ கூட்டல் பிழை.

அலைபேசியில் விரிதாள் இருந்தால் 16 எண்களையும் B2 முதல் B17 வரை போட்டு இதை எழுதினால் போதும்:

```
=100*(1-AVEDEV(B2:B17)/AVERAGE(B2:B17))
```

மி.லி.யை மி.மீ. ஆக்க, டப்பா வாயின் பரப்பளவால் (ச.செ.மீ.) வகுத்து 10-ஆல் பெருக்க வேண்டும். வாய் விட்டம் 11 செ.மீ. என்றால் பரப்பளவு 95. சராசரி 80 மி.லி. என்பது மணிக்கு 8.4 மி.மீ. மழைக்குச் சமம். கெழுவுக்கு இந்த மாற்றம் தேவையில்லை, ஆனால் எத்தனை மணி நேரம் ஓட்டுவது என்று முடிவு செய்யத் தேவை.

83 வந்தால் நல்ல மதிப்பெண்தானே?

எல்லையில் நிற்கிறது. தெளிப்புப் பாசனத்துக்கு 84, 85-க்கு மேல் இருப்பதை ஏற்கத்தக்கது என்பார்கள். 75-க்குக் கீழே போனால் ஏதோ ஒன்றைக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும். ஆனால் இந்த எண்ணைப் பரீட்சை மதிப்பெண் போலப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கிறிஸ்டியன்சன் கெழு கூடுதலையும் குறைவையும் ஒரே மாதிரி நடத்துகிறது. பயிர் அப்படி நடத்துவதில்லை.

அதனால் கூடவே இன்னொன்றையும் கணக்கிடுங்கள். மிகக் குறைவான கால் பங்கு டப்பாக்களை மட்டும் எடுங்கள். 16-இல் கால் பங்கு 4. இங்கே அவை 52, 56, 60, 62. அவற்றின் சராசரி 57.5. அதை மொத்தச் சராசரியான 80-ஆல் வகுத்தால் 72 சதவீதம். இதைக் கீழ்க்கால் சீர்மை என்று சொல்லலாம். அதாவது வயலில் கால் பங்கு நிலம், சராசரியில் முக்கால் பங்குகூடப் பெறவில்லை. 83 என்ற எண்ணைப் பார்த்தபோது இது தெரிந்திருக்காது.

அப்புறம், இரண்டு எண்ணுமே இடத்தைப் பார்ப்பதில்லை. இதே 16 எண்களைக் கலைத்து வயல் முழுக்கச் சிதறிப் போட்டாலும் கெழு 83.4 தான் வரும். ஆனால் மேலே உள்ள கட்டத்தைப் பாருங்கள், குறைவான நான்கும் நடுவில் ஒன்றாகக் கூடியிருக்கின்றன. தென்னை போன்ற மரத்தின் வேர் அகலப் பரவி இந்த ஏற்றத்தாழ்வைச் சமாளித்துக்கொள்ளும். நிலக்கடலை, சின்ன வெங்காயம் எல்லாம் தன் காலடியில் விழுந்ததைத்தான் குடிக்கும். எனவே எண்களைக் கட்டமாகவே எழுதி வையுங்கள், ஒரே பட்டியலாக எழுதிவிட்டால் இந்தத் தகவல் போய்விடும்.

குறைவாக விழும் இடத்துக்காக இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டால் போச்சு. அது போதாதா?

போதும், ஆனால் என்ன விலை என்று கணக்குப் பாருங்கள். நிலக்கடலைக்கு 25 மி.மீ. கொடுக்க வேண்டும் என்றால், சராசரி 8.4 மி.மீ. கணக்கில் 3 மணி நேரம் போதும். அந்த 3 மணி நேரத்தில் குறைவான கால் பங்குக்குக் கிடைப்பது 18 மி.மீ. மட்டுமே. அதற்கும் 25 கிடைக்க வேண்டுமானால் 4 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓட்ட வேண்டும். அப்போது வயல் சராசரியாக 35 மி.மீ. குடித்திருக்கும். 112 மி.லி. விழுந்த மூலைக்கு 49 மி.மீ. போயிருக்கும், தேவையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த உபரித் தண்ணீர் வேருக்குக் கீழே இறங்கும், கூடவே நீங்கள் போட்ட யூரியாவையும் இழுத்துக்கொண்டு போகும். கிணற்றில் தண்ணீர் குறைவாக உள்ள மாதங்களில் அந்த ஒரு மணி நேரம் இன்னொரு பாத்திக்குப் போயிருக்க வேண்டியது.

எதனால் இப்படி ஆகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கட்டத்தின் வடிவத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. மூலைகளில் அதிகம், நடுவில் குறைவு என்றால், தண்ணீர் தெளிப்பானுக்குப் பக்கத்திலேயே விழுந்துவிடுகிறது என்று அர்த்தம். ஒன்று, லைன் இடைவெளி தெளிப்பானின் எட்டும் தூரத்துக்கு மிஞ்சியிருக்கும். அல்லது அழுத்தம் மிக அதிகமாகி, தண்ணீர் புகை போல நுண்துளியாகப் பிரிந்து தூரம் போகாமல் இறங்கும். வெயிலுக்கு எதிரே நின்று பார்த்தால் அந்தப் புகை நன்றாகவே தெரியும்.

அழுத்தம் குறைவாக இருந்தால் படம் வேறு. தண்ணீர் உடையாமல் பெரிய துளிகளாகப் போய் ஓரத்தில் வளையமாக விழும். தெளிப்பானுக்கும் அந்த வளையத்துக்கும் நடுவே வறண்ட பட்டை நிற்கும். பெரிய துளி மண்ணை அடித்து இறுக்குவதும் இதில்தான். ஒரு பக்கம் மட்டும் தொடர்ந்து அதிகமாக இருந்தால் காற்று, அல்லது தெளிப்பான் தாங்கும் குழாய் சாய்ந்திருக்கிறது.

ஊகத்தோடு நிற்காமல் அழுத்தத்தை அளந்துவிடுங்கள். வளைந்த மெல்லிய குழாய் பொருத்திய பிரஷர் கேஜை நாசில் வாய்க்கு 3 மி.மீ. முன்னால் பீச்சும் தண்ணீரில் பிடித்தால் அழுத்தம் தெரியும். நடுத்தரத் தெளிப்பான்களுக்கு 2 முதல் 3 கிலோ வரை இருக்கலாம், சரியான அளவு உங்கள் கருவியின் அட்டவணையில் இருக்கும். மோட்டாருக்குப் பக்கத்துத் தெளிப்பானிலும் கடைசித் தெளிப்பானிலும் அளந்து, வித்தியாசம் 20 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கேஜ் இல்லையென்றால் நாசிலில் ரப்பர் குழாயைச் செருகி, 10 லிட்டர் கேனை நிரப்ப எத்தனை விநாடி என்று குறித்தால் இரண்டு தெளிப்பான்களை ஒப்பிட்டுவிடலாம்.

நாசில் தேய்மானத்துக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நாசில் அளவுக்குச் சரியான டிரில் பிட்டின் மழுங்கிய பின்பகுதியை உள்ளே விட்டுப் பாருங்கள். ஆடினால் தேய்ந்துவிட்டது. மணல் வரும் போர் தண்ணீரில் பித்தளை நாசிலும் தேயும். ஒரே லைனில் புதியதும் பழையதுமாக வெவ்வேறு அளவு நாசில் கலந்திருந்தால், அதைச் சரிசெய்யாமல் மற்ற எதையும் தொட வேண்டாம்.

சொட்டு நீருக்கும் இதே டப்பா முறைதானா?

டப்பா உண்டு, ஆனால் வைக்கும் விதம் வேறு. இங்கே தண்ணீர் வானத்திலிருந்து விழவில்லை, எனவே கட்டம் கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு டிரிப்பரும் எவ்வளவு விடுகிறது என்பதுதான் கேள்வி. சப்மெயினில் முதல் லேட்டரல், மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஒன்று, மூன்றில் இரண்டு பங்கில் ஒன்று, கடைசி லேட்டரல் என்று நான்கைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் அதேபோல நான்கு இடங்களில் டிரிப்பரின் கீழே சிறு குழி பறித்து டப்பா வையுங்கள். சரியாக 3 நிமிடம் பிடியுங்கள். மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் 3 நிமிடத்தில் 200 மி.லி. தர வேண்டும். தண்ணீர் குழாயோடு ஒட்டி வழிந்து டப்பாவைத் தாண்டிப் போகாமல் டிரிப்பரின் இரு பக்கமும் நூல் கட்டிவிடுவது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டு (ஒவ்வொரு வரியும் ஒரு லேட்டரல், இடமிருந்து வலம் தலையிலிருந்து வாலுக்கு):

```
204  202  196  190
200  198  190  184
194  190  180  120
186  180  168   88
```

சராசரி 179. குறைவான நான்கின் சராசரி 139. சொட்டு நீருக்கு இந்தக் கீழ்க்கால் கணக்கைத்தான் பயன்படுத்துவார்கள், இங்கே 77.5 சதவீதம். 90-க்கு மேல் மிக நல்லது, 80 முதல் 90 வரை நல்லது, 70-க்குக் கீழே மோசம்.

குறைவாக வரும் டிரிப்பர் அடைத்துக்கொண்டதா, அல்லது அழுத்தம் போதவில்லையா?

அந்த இடத்தில் அழுத்தத்தை அளந்தால் பிரித்துவிடலாம். சாதாரண டிரிப்பரில் நீர் வரத்து, அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் மாறும். அழுத்தம் 20 சதவீதம் குறைந்தால் வரத்து 10, 11 சதவீதம்தான் குறையும். தலையில் 1 கிலோ, கடைசி லேட்டரலின் வாலில் 0.8 கிலோ என்று கேஜ் காட்டினால், 204 வந்த இடத்துக்கு எதிராக இங்கே சுமார் 182 வர வேண்டும். 168 வந்ததை அழுத்தத்தோடு டிரிப்பருக்கு டிரிப்பர் இருக்கும் சிறு வேறுபாடு என்று விட்டுவிடலாம். 88 வந்ததற்கு அழுத்தம் காரணமாகவே முடியாது. அது அடைப்பு. 120-உம் அப்படியே.

அந்த இரண்டும் மட்டும் சரியாகி 170 தந்தால் கணக்கு 92-க்கு ஏறிவிடும். ஆனால் அந்த இரண்டு டிரிப்பரை மட்டும் மாற்றிவிட்டுத் திருப்தியடைய வேண்டாம். அளந்த 16-இல் 2 அடைத்திருந்தால், அளக்காதவற்றிலும் ஏராளமாக அடைத்திருக்கும், முக்கியமாக வால் பக்கத்தில்.

முதலில் லேட்டரல் முனையைத் திறந்துவிட்டுக் கலங்கல் போய்த் தெளிவாகும் வரை ஓட்டுங்கள். பிறகு ஒரு டிரிப்பரை அறுத்துப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கின் மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டதும் நுரைத்தால் அது சுண்ணாம்பு உப்பு, அமிலம் ஏற்றித்தான் கரைக்க வேண்டும். வழுவழுப்பாக இருந்தால் பாசி அல்லது பாக்டீரியா, அதற்குக் குளோரின். இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்றவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். அமிலத்தைக் கலக்கும்போது தண்ணீரில் அமிலத்தை ஊற்றுங்கள், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

எங்களுடையது அழுத்தம் சரிசெய்யும் டிரிப்பர். இதற்கும் அளக்க வேண்டுமா?

அதை அளப்பது இன்னும் சுலபம். அது அழுத்த மாற்றத்தைத் தானே சமாளித்துவிடும் என்பதால், அதன் அழுத்த வரம்புக்குள் ஓடியும் வரத்து மாறுபட்டால் காரணம் அடைப்பு அல்லது உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கெட்டுப்போனது. குறைவை மட்டும் பார்க்காதீர்கள், சவ்வு கெட்டால் அளவுக்கு மேலும் கொட்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை இதைச் செய்வது?

தெளிப்புக்கு, நாசில் மாற்றினாலோ மோட்டார் மாற்றினாலோ லைன் இடைவெளியை மாற்றினாலோ ஒருமுறை. சொட்டுக்கு, ஒவ்வொரு பயிர் தொடங்கும் முன்னும், உப்புத் தண்ணீராக இருந்தால் நடுவில் இன்னொரு முறையும். அமிலம் ஏற்றுவதற்கு முந்தின நாளும், ஏற்றி முனையைத் திறந்து கழுவிவிட்ட பிறகும் அதே 16 டிரிப்பர்களை அளந்து பாருங்கள். அந்த டிரிப்பர்களின் பக்கத்தில் பெயின்டில் ஒரு குறி போட்டு வைத்துவிட்டால் தேட வேண்டியிருக்காது.